கரண்ட் மிச்சம் பிடிக்கும் ஃபேன்: எந்த அறைக்கு முதலில்?

ஐயா, எங்கள் வீட்டில் ஐந்து சீலிங் ஃபேன். எல்லாம் வீடு கட்டியபோது போட்டவை, பன்னிரண்டு வருஷம் ஆகிறது. முன் அறை ஃபேன் போன வாரம் புகைந்து நின்றுவிட்டது. கடையில் சாதா ஃபேன் ரூ.1,700, பி.எல்.டி.சி. என்ற கரண்ட் மிச்சம் பிடிக்கும் ஃபேன் ரூ.3,000 என்கிறார்கள். ‘ஐந்தையும் மாற்றிவிடுங்கள், ஒரே வருஷத்தில் போட்ட காசு வந்துவிடும்’ என்கிறார் கடைக்காரர். ‘அதில் இருக்கிற போர்டு போனால் அவ்வளவுதான்’ என்கிறார் என் கொழுந்தனார். ஹாலில் நாள் முழுக்க ஃபேன் ஓடும். மாமியார் அறையிலும் எங்கள் அறையிலும் ராத்திரியில் ஓடும். எங்கள் அறையில் ஏ.சி. இருக்கிறது. சாப்பாட்டு அறையிலும் முன் அறையிலும் கொஞ்ச நேரம்தான். கோடையில் ஒரு பில் 530 யூனிட் வந்தது, மற்றதெல்லாம் 320-லிருந்து 390-க்குள். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, கரூர்

வணக்கம் அம்மா.

முன் அறைக்காக வாங்கப்போகிற ஃபேனை முன் அறையில் மாட்டாதீர்கள். பி.எல்.டி.சி. ஃபேன் ஒன்று வாங்கி ஹாலில் மாட்டுங்கள். ஹாலில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஃபேனைக் கழற்றி முன் அறைக்குக் கொண்டுபோங்கள். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இதிலேயே வந்துவிட்டது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம். கணக்கு தெரிந்தால் மீதி நான்கு அறைக்கும் நீங்களே முடிவெடுத்துக்கொள்ளலாம்.

ஒரு ஃபேன் எவ்வளவு மிச்சம் பிடிக்கும் என்பது அது ஓடுகிற நேரத்தைப் பொறுத்தது. நின்றுகொண்டிருக்கும் ஃபேன் எந்த மோட்டாராக இருந்தாலும் ஒன்றுதான். உங்கள் வீட்டில் இருக்கும் வயதுடைய சாதா ஃபேன், 1200 மில்லிமீட்டர் இறக்கை அளவில், முழு வேகத்தில் சுமார் 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. ஃபேன் அதே காற்றுக்கு 28 முதல் 35 வாட் எடுக்கும். நாம் 30 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 45 வாட். ஹாலில் ஒரு நாளைக்கு 14 மணி நேரம் ஓடுகிறது என்றால் 45-ஐ 14-ஆல் பெருக்கினால் 630. அதாவது ஒரு நாளைக்கு 0.63 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு ஏறத்தாழ 38 யூனிட். அதே ஃபேனை முன் அறையில் மாட்டி ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் ஓட்டினால் பில்லுக்கு 5 யூனிட் மிஞ்சும். விலை ஒன்றுதான், ஏணி போட்டு மாட்டுகிற வேலையும் ஒன்றுதான், மிச்சம் மட்டும் ஏழு மடங்கு மாறுகிறது.

இந்த 45 வாட் எங்கிருந்து மிஞ்சுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹால் ஃபேன் நாலைந்து மணி நேரம் ஓடிய பிறகு நிறுத்தி, மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டு, ஏணியில் ஏறி மோட்டாரின் வட்டமான உடம்பைத் தொட்டுப் பாருங்கள். நன்றாகச் சுடும். நீங்கள் காசு கொடுத்த கரண்டில் பெரும்பகுதி அங்கே சூடாகப் போய்க்கொண்டிருக்கிறது. சாதா மோட்டாரில் சுழலும் பகுதிக்குச் சொந்தமாகக் காந்தம் கிடையாது. உள்ளே இருக்கும் செம்புச் சுற்றுதான் அதில் கரண்டைத் தூண்டி, அதைக் காந்தமாக்கி, அப்புறம் சுற்றவைக்க வேண்டும். அந்தத் தூண்டலிலேயே கணிசமான கரண்ட் வீணாகிறது. பி.எல்.டி.சி. மோட்டாரில் சுழலும் பகுதியில் நிரந்தரக் காந்தமே பதித்திருக்கிறார்கள். எந்தச் சுற்றுக்கு எப்போது கரண்ட் போக வேண்டும் என்பதை ஒரு சின்ன எலெக்ட்ரானிக் போர்டு பார்த்துக்கொள்கிறது. அதனால் அந்த மோட்டார் தொட்டால் வெதுவெதுப்பாக மட்டும் இருக்கும். உங்கள் கொழுந்தனார் பயப்படுகிற போர்டு அதுதான். அதற்குப் பின்னால் வருகிறேன்.

இப்போது கடைக்காரர் சொன்ன ‘ஒரே வருஷம்’. கடையில் எப்போதும் 75 வாட்டையும் 28 வாட்டையும் பக்கத்தில் வைத்துத்தான் பேசுவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஃபேனைக் கழற்றி எறிபவருக்கு அந்த ஒப்பீடு சரி. ஆனால் ஒரு ஃபேன் எரிந்துபோய், எப்படியும் புதிதாக ஒன்று வாங்கப்போகிறவருக்கு அது பொருந்தாது. 2023 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம். அந்த விதிப்படி 1200 மில்லிமீட்டர் ஃபேன் நிமிடத்துக்குக் குறைந்தது 210 கன மீட்டர் காற்று தள்ள வேண்டும். ஒரு ஸ்டார் வாங்குவதற்கே ஒவ்வொரு வாட்டுக்கும் 4 கன மீட்டர் தள்ளியாக வேண்டும். ஐந்து ஸ்டாருக்கு 6. 210-ஐ நான்கால் வகுத்துப் பாருங்கள், 52 வாட் வரும். ஆகவே இன்று ரூ.1,700-க்கு நீங்கள் வாங்கும் சாதா ஃபேன் 75 வாட் எடுக்காது, 52 வாட்டுக்குப் பக்கத்தில்தான் எடுக்கும். புதுசுக்குப் புதுசு பார்த்தால் வித்தியாசம் 45 அல்ல, 22 வாட்தான். மிச்சமும் பாதியாகிவிடும். ஆனால் அப்போது நீங்கள் கூடுதலாகப் போடும் காசும் ரூ.3,000 அல்ல, ரூ.1,300 மட்டுமே. இந்த இரண்டு கணக்கையும் கலந்துவிடக் கூடாது. 45 வாட் வித்தியாசத்தை முதல் கணக்கிலிருந்தும், 1,300 ரூபாய் வித்தியாசத்தை இரண்டாம் கணக்கிலிருந்தும் எடுத்துப் போட்டுத்தான் ‘ஒரே வருஷம்’ என்கிறார்கள்.

அடுத்தது, மிஞ்சுகிற ஒரு யூனிட்டின் விலை என்ன என்பது. தமிழ்நாட்டில் இதற்கு ஒரே பதில் கிடையாது, நம் பில் படிப்படியாக ஏறுகிறது. 2024 ஜூலையில் வீட்டு இணைப்புக்கு வந்த விகிதத்தை வைத்துச் சொல்கிறேன். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம். அடுத்த 100-க்கு யூனிட் ரூ.2.35. 201-லிருந்து 400 வரை ரூ.4.70. 401-லிருந்து 500 வரை ரூ.6.30. விகிதம் மாறினால் எண்கள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது. மிஞ்சுகிற யூனிட் எப்போதும் உங்கள் பில்லின் உச்சியிலிருந்துதான் குறையும். அதனால் மொத்தத் தொகையை யூனிட்டால் வகுத்து வருகிற சராசரியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். உங்கள் பில் 350 யூனிட் என்றால், மிஞ்சும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ரூ.4.70 வீதம் பார்க்க வேண்டும். மொத்தமே 90 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு பி.எல்.டி.சி. ஃபேன் ஒரு பைசாகூடத் திருப்பித் தராது, ஏனென்றால் அவர்கள் பில்லே கட்டுவதில்லை. 180 யூனிட் வீட்டுக்கு யூனிட்டுக்கு ரூ.2.35 மட்டும் திரும்பும். இப்படிப்பட்ட வீட்டுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், ஓடுகிற ஃபேனைக் கழற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

உங்கள் வீட்டுக் கதை வேறு. உங்கள் கோடை பில் 530. அந்த 30 யூனிட்தான் உங்களை அதிகம் வதைத்திருக்கிறது. 500 யூனிட் வரை ஓட்டியவர் ரூ.1,805 கட்டுகிறார். 501 ஆனால், முதல் 100 இலவசம் அப்படியே இருந்தாலும், 101-லிருந்து 200 வரை இருந்த ரூ.2.35 சலுகை போய்விடுகிறது. அந்த நூறு யூனிட்டுக்கும் ரூ.4.70 ஆகிவிடுகிறது. 500-க்கு மேல் உள்ள யூனிட்டுக்கோ ரூ.8.40. கூட்டிப் பார்த்தால் 501 யூனிட்டுக்கு ரூ.2,048. ஒரே ஒரு யூனிட் கூடியதற்கு ரூ.243. உங்கள் 530 யூனிட்டுக்கு ரூ.2,292 கட்டியிருப்பீர்கள்; பில்லை எடுத்து ஒருமுறை சரிபாருங்கள்.

ஹாலில் பி.எல்.டி.சி. மாட்டினால் அந்த பில்லில் 38 யூனிட் குறைந்து 492-க்கு வரும். 492-க்குக் கட்ட வேண்டியது ஏறத்தாழ ரூ.1,755. அந்த ஒரே பில்லில் ரூ.537 மிச்சம். யூனிட்டுக்கு 14 ரூபாய்க்கு மேல் வருகிறது. மற்ற பில்களில் நீங்கள் 201-400 படியில் இருக்கிறீர்கள், அங்கே யூனிட் ரூ.4.70. மழை, பனிக் காலத்தில் ஃபேனை நிறுத்தி வைக்கும் நாட்களைக் கழித்து, கோடை பில் போக மீதியில் 240 நாள் ஓடுகிறது என்று வைத்தால் 151 யூனிட், ரூ.710. ஆக ஹால் ஃபேன் ஒன்றே வருஷத்துக்கு ஏறக்குறைய ரூ.1,250 மிச்சப்படுத்துகிறது.

செலவு என்ன? முன் அறைக்கு எப்படியும் ஒரு ஃபேன் வாங்க வேண்டியிருந்தது, அது ரூ.1,700. அதற்கு மேல் போடுவது ரூ.1,300. இரண்டு இடத்தில் கழற்றி மாட்டுவதற்கு எலெக்ட்ரீஷியனுக்குக் கூடுதலாக ஒரு ரூ.300 வைத்துக்கொள்வோம். மொத்தம் ரூ.1,600. முன் அறையில் புது சாதா ஃபேன் போட்டிருந்தால் அதுவும் பழையதைவிட வருஷத்துக்கு அறுபது, எழுபது ரூபாய் மிச்சம் தந்திருக்கும், அதையும் கழித்துவிடுங்கள். அப்போதும் ஒன்றரை வருஷத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடுகிறது. கடைக்காரர் சொன்னதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. ஆனால் ஹாலில் மாட்டினால் மட்டும். முன் அறையிலேயே மாட்டியிருந்தால், சாதா புது ஃபேனோடு ஒப்பிட்டு வருஷத்துக்குக் கிடைப்பது 13 யூனிட், ரூ.62. கூடுதலாகப் போட்ட ரூ.1,300 திரும்புவதற்கு இருபது வருஷம் ஆகும், அதுவரை அந்த ஃபேன் இருக்காது.

கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். நான் முழு வேகத்தை வைத்துப் போட்டிருக்கிறேன். ரெகுலேட்டரை மூன்றில் வைத்து ஓட்டுகிற வீட்டில் பழைய ஃபேனும் 75 வாட் எடுக்காது, பி.எல்.டி.சி.யும் 30 எடுக்காது. வித்தியாசம் 30 வாட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அப்போது மேலே சொன்ன மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ள வேண்டும். பெரிய பெட்டி போன்ற பழைய ரெகுலேட்டராக இருந்தால் விஷயம் வேறு. அது மிஞ்சுகிற கரண்டைச் சூடாக்கி வெளியே விடுவது, அதனால் வேகத்தைக் குறைத்தாலும் பில் அந்த அளவுக்குக் குறையாது.

ஊகமாகவே இருக்க வேண்டியதில்லை, உங்கள் ஹால் ஃபேன் எத்தனை வாட் எடுக்கிறது என்பதை ஈ.பி. மீட்டரிலேயே பார்த்துவிடலாம். மீட்டர் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் 3200 imp/kWh என்பது போல எழுதியிருக்கும். அந்த விளக்கு 3,200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். சில மீட்டரில் 1600, சிலவற்றில் 6400 என்று இருக்கும். ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், வைஃபை பெட்டி உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, விளக்கு மினுக்குவது நின்றதா என்று பாருங்கள். அப்புறம் ஹால் ஃபேனை மட்டும் நீங்கள் வழக்கமாக வைக்கும் வேகத்தில் போட்டு, பத்து நிமிஷம் எண்ணுங்கள். 3200 மீட்டரில் நாற்பது தடவை மினுக்கினால் 75 வாட். இருபத்தெட்டு என்றால் 52 வாட். பதினாறு என்றால் 30 வாட். வேறு எண் வந்தால், எண்ணியதை ஆறால் பெருக்கி, மீட்டரில் எழுதியிருக்கும் எண்ணால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்குங்கள். புது ஃபேன் மாட்டிய பிறகும் இதே சோதனையைச் செய்யுங்கள். பெட்டியில் போட்ட வாட் உண்மையா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

அடுத்து மாமியார் அறை. அங்கே ராத்திரியில் ஒன்பது மணி நேரம் என்று வைத்தால் பில்லுக்கு 24 யூனிட் மிஞ்சும். ஹால் ஃபேன் ஏற்கெனவே உங்களை 500-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டதால், 500-ஐத் தாண்டாமல் இருந்த லாபம் இதற்குக் கிடைக்காது. கோடை பில்லில் ரூ.150, மற்ற நாட்களுக்கு ரூ.457, மொத்தம் வருஷத்துக்கு ரூ.600 சொச்சம். நன்றாக ஓடுகிற ஃபேனைக் கழற்றிவிட்டுப் புதிதாக ரூ.3,000-மும் மாட்டுகிற கூலியும் போட்டால் திரும்புவதற்கு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஹாலுக்கு அடுத்த ஃபேனே இப்படி என்றால், ஐந்தையும் ஒரேயடியாக மாற்றச் சொல்வது எவ்வளவு தவறான ஆலோசனை என்று பாருங்கள். முதல் ஃபேனில் கிடைக்கிற பலன் இரண்டாவதில் கிடைப்பதில்லை.

ஆனாலும் மாமியார் அறைக்கு ஒன்று வாங்கலாம் என்றே நினைக்கிறேன், அதற்குக் காரணம் உண்டு. ஹாலை மட்டும் மாற்றினால் உங்கள் கோடை பில் 492-ல் நிற்கிறது. விளிம்பிலிருந்து எட்டு யூனிட் தூரம். கரூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாரம் ஏ.சி. தினம் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடினாலே அந்த எட்டு போய்விடும், போனால் ரூ.243 போச்சு. மாமியார் அறையையும் மாற்றினால் 468-க்கு வந்துவிடுவீர்கள், 32 யூனிட் இடைவெளி கிடைக்கும். கையில் காசு இருந்தால் இரண்டாவது ஃபேனை மார்ச் முடிவதற்குள் போடுங்கள். இல்லையென்றால் ஏ.சி.யை 26-ல் வைத்து, ஃபேனையும் கூடவே ஓட்டி அந்த 24 யூனிட்டைப் பிடிக்கலாம், அதற்குச் செலவே இல்லை.

உங்கள் அறை ஃபேனை இப்போது தொடாதீர்கள். ஏ.சி. ஓடும் மாதங்களில் அங்கே ஃபேன் மெதுவாகத்தான் ஓடும், அதனால் மாமியார் அறையைவிடவும் மிச்சம் குறைவு. அது தானாகப் போகும்போது பி.எல்.டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டு அறை ஃபேன் போனால் சாதா ஒரு ஸ்டாரே போதும், கூடுதல் காசு அங்கே வீண்.

இப்போது கொழுந்தனார் சொன்ன போர்டு. அவர் பயம் நியாயமானது. சாதா ஃபேனில் பெரும்பாலும் கெடுவது கண்டன்சர். ஃபேன் மெதுவாகும், அல்லது கையால் தள்ளிவிட்டால்தான் சுற்றும். ஐம்பது, நூறு ரூபாய்க்குக் கண்டன்சர் வாங்கி எந்த எலெக்ட்ரீஷியனும் மாற்றிவிடுவார். பி.எல்.டி.சி.யில் போர்டு போனால் அதே கம்பெனியின் அதே மாடலுக்கான போர்டுதான் வேண்டும், பெரும்பாலும் ஐந்நூறிலிருந்து ஆயிரம் ரூபாய் வரை ஆகும். வாரன்டி முடிந்த பிறகு இது நடந்தால் ஹால் ஃபேனின் ஒரு வருஷ மிச்சத்தில் பெரும்பகுதி போய்விடும், மாமியார் அறை ஃபேன் என்றால் ஒன்றரை வருஷ மிச்சம் போய்விடும். அதனால்தான் குறைந்த நேரம் ஓடும் அறைக்கு வேண்டாம் என்கிறேன். மிச்சம் சிறியதாக இருந்தால் ஒரு ரிப்பேரைக்கூடத் தாங்காது.

போர்டு பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. வெளியிலிருந்து வருகிற அதிக வோல்டேஜ்தான் அதைக் கொல்கிறது. இடி மின்னல் ஒரு காரணம். இன்னொன்று, கம்பத்திலோ, த்ரீ ஃபேஸ் வீடாக இருந்தால் மெயினிலோ நியூட்ரல் கம்பி அறுவது அல்லது லூசாவது. அப்படி ஆனால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400-க்குப் பக்கத்தில்கூட வந்துவிடும். பல்புகள் திடீரென்று கண் கூசும்படி எரிந்தாலோ, சில அப்படி எரிந்து வேறு சில மங்கினாலோ அதுதான் அடையாளம். உடனே மெயினை அணைத்துவிட்டு ஈ.பி.க்குச் சொல்லுங்கள். உங்கள் பகுதியில் இது அடிக்கடி நடக்கிறதென்றால், மெயின் பாக்ஸில் வோல்டேஜ் கூடினால் தானாகத் துண்டிக்கிற கருவி ஒன்று போட்டுவிடச் சொல்லுங்கள். அது ஃபேனை மட்டுமல்ல, ஃபிரிட்ஜையும் டி.வி.யையும் சேர்த்துக் காக்கும்.

மாட்டும்போது ஒரு வேலையை மறக்கவே கூடாது. சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, சுவிட்சிலிருந்து நேராக ஃபேனுக்கு லைன் கொடுக்க வேண்டும். ரெகுலேட்டரை முழுசாகத் திருப்பி வைத்துவிட்டால் போதும் என்று சிலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். வீட்டில் யாராவது பழக்கத்தில் அதைத் திருப்பினால் போர்டுக்குக் கரண்ட் குறைவாகவும் துண்டு துண்டாகவும் போகும். ஃபேன் விட்டுவிட்டு ஓடும், கொஞ்ச நாளில் போர்டு போய்விடும். ரெகுலேட்டர் இருந்ததால் போர்டு போனது என்று தெரிந்தால் சில கம்பெனிகள் வாரன்டியிலும் கை விரித்துவிடும். ஃபேன் ஓடவில்லையென்றால் முதலில் ரிமோட் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். சுவிட்சைப் போட்டதும் பீப் சத்தம் வந்து, இறக்கை மட்டும் அசையாமலோ, முன்னும் பின்னும் உதறிக்கொண்டோ இருந்தால் போர்டு அல்லது மோட்டார் பக்கம் கோளாறு. கரகரவென்று சத்தம் மட்டும் வந்தால் பேரிங், அது எந்த ஃபேனிலும் வருவதுதான்.

கடையில் என்ன பார்ப்பது என்றால், பி.எல்.டி.சி. என்ற எழுத்தை அல்ல, ஸ்டார் லேபிளைப் பாருங்கள். அதில் ‘எவ்வளவு காற்று’ என்பதும் ‘எவ்வளவு வாட்’ என்பதும் இருக்கும். வாட்டைக் குறைப்பதற்காகக் காற்றையும் குறைத்துவிட்ட ஃபேன்கள் உண்டு. ஹாலுக்கு 210-ஐ ஒட்டி நிற்பதை வாங்காமல், 220-க்கு மேல் தள்ளுகிற ஐந்து ஸ்டார் ஃபேனாகப் பாருங்கள். காற்று போதாமல் டேபிள் ஃபேன் ஒன்றைச் சேர்த்து ஓட்டினால் மிச்சம் அங்கேயே முடிந்துவிடும். அப்புறம் வாரன்டி. ‘ஐந்து வருஷம்’ என்று பெட்டியில் இருந்தாலும், அது மோட்டாருக்கு மட்டுமா, போர்டுக்கும் சேர்த்தா என்று வாரன்டி அட்டையில் படித்துப் பாருங்கள். போர்டுக்கும் இல்லாத ஐந்து வருஷத்தைவிட போர்டோடு சேர்ந்த மூன்று வருஷம் மேல். அந்தக் கம்பெனிக்குக் கரூரிலோ திருச்சியிலோ சர்வீஸ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மாமியாருக்கு வாங்குகிற ஃபேன், ரிமோட் இல்லாவிட்டாலும் சுவர் சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டால் வேகம் மாறுகிற மாடலாக இருக்கட்டும். ராத்திரியில் இருட்டில் ரிமோட்டைத் தேடுவது வயதானவர்களுக்குச் சிரமம்.

காசுக் கணக்கில் வராத இரண்டு பலன்களும் உண்டு. வோல்டேஜ் குறைந்தால் சாதா ஃபேன் மந்தமாகும், பி.எல்.டி.சி. ஃபேன் போர்டு வழியாக ஓடுவதால் லோ வோல்டேஜிலும் அதே வேகத்தில் சுற்றும். உங்களிடம் இன்வெர்ட்டர் இருக்கிறதென்றால், மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகல் முழுக்க கரண்ட் நிறுத்தும் நாளில் ஹாலும் மாமியார் அறையும் 150 வாட் இழுத்த இடத்தில் 60 வாட்தான் இழுக்கும். பேட்டரி இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். வயதானவர் இருக்கும் வீட்டில் இதற்காகவே இரண்டாவது ஃபேனை வாங்குவேன்.

ஹாலிலிருந்து கழற்றும் பழைய ஃபேனை முன் அறையில் மாட்டும்போது, ஏணி போட்டதோடு போட்டதாக அதன் கண்டன்சரையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். எரிந்த ஃபேனைத் திரும்ப வைண்டிங் செய்யக் கொடுக்காதீர்கள். அந்தக் கூலியும் சேர்த்து அது மறுபடியும் 75 வாட் ஃபேனாகவே வரும். பழைய இரும்புக் கடையில் போட்டால் உள்ளே இருக்கும் செம்புக்கு ஏதாவது கிடைக்கும்.

அப்புறம், ரீடிங் எடுக்க வந்த தேதியை அட்டையில் பார்த்துக் காலண்டரில் குறித்து வையுங்கள். கோடையில் அந்தத் தேதியிலிருந்து நாற்பத்தைந்தாவது நாள் மீட்டரைப் பாருங்கள். அதுவரை 375 யூனிட்டுக்கு மேல் ஓடியிருந்தால், அதே வேகத்தில் போனால் 500-ஐத் தாண்டிவிடுவீர்கள் என்று அர்த்தம். மீதி பதினைந்து நாளும் ஏ.சி.யை ராத்திரியில் ஒரு மணி நேரம் முன்னதாக நிறுத்திவிடுங்கள்.